பலகையில் கிராம் 10,000, பில்லில் 11,742: நகை விலை ஏறும் வழி

பெங்களூரின் சிக்பேட்டையிலோ கமர்ஷியல் தெருவிலோ நகைக்கடைக்குள் நுழையும் குடும்பம் முதலில் அண்ணாந்து பார்ப்பது அன்றைய தங்க விலை ஒளிரும் பலகையைத்தான். ஆனால் அந்த எண்ணை நகையின் எடையால் பெருக்கி வரும் தொகைக்கு எந்த நகையும் கிடைப்பதில்லை. சேதாரம், செய்கூலி, கல்லின் விலை, ஹால்மார்க் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பிறகே இறுதித் தொகை வருகிறது. இவற்றுள் சில நகையின் எடையைப் பார்த்துக் கணக்கிடப்படுகின்றன, சில பில்லில் அதற்கு முன் வந்த தொகைகளின் கூட்டைப் பார்த்துக் கணக்கிடப்படுகின்றன. எது எதன்மீது ஏறுகிறது என்ற வரிசையை அறியாதவருக்கு இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடவே முடியாது.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அல்சூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் மகளின் திருமணத்துக்கு ஒரு கல் வைத்த நெக்லஸ் எடுக்கிறது. அதைத் தராசில் வைத்தால் 32.400 கிராம் நிற்கிறது. இதில் கற்களின் எடை 2.400 கிராம் என்று நகையில் கட்டிய சீட்டில் எழுதியிருக்கிறது. மிச்சமுள்ள 30.000 கிராம்தான் நிகர எடை. இனி வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு நெக்லஸைப் பற்றியது.

பலகை விலைக்குள் என்ன இருக்கிறது

உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 31.1 கிராமுக்கு, டாலரில் விலை சொல்லப்படுகிறது. அதை ரூபாயாக மாற்றி, சுங்க வரியைச் சேர்த்து, 24 காரட்டின் விலையிலிருந்து 22 காரட்டுக்கு உரிய 91.6 சதவீதத்தைக் கணக்கிட்டு, உள்ளூர் நகை வணிகர்கள் அன்றைய விலையை அறிவிக்கிறார்கள். சுங்க வரி 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த 6 சதவீத வீதத்தில் பார்த்தால்கூட, நம் நெக்லஸின் 3,00,000 ரூபாய்த் தங்கத்துக்குள் ஏறத்தாழ 17,000 ரூபாய் சுங்க வரியாகப் புதைந்திருக்கும். பில்லில் இது தனி வரியாக எங்கும் தெரியாது. பில்லில் கண்ணுக்குத் தெரிகிற ஜி.எஸ்.டி.யைப் பற்றிக் கவுன்ட்டரில் எவ்வளவோ பேச்சு நடக்கிறது, தெரியாத இந்த வரியோ இதே நகையில் அதைவிடப் பெரியது.

பெங்களூரின் விலைக்கும் சென்னையின் விலைக்கும் சில நாட்களில் சிறு வேறுபாடு இருப்பது உண்மைதான். அதை நம்பி ஒசூருக்கோ தியாகராய நகருக்கோ போய் வாங்கும் பழக்கம் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடையே இன்னும் இருக்கிறது. கிராமுக்கு 20 ரூபாய் குறைவு என்றாலும் 30 கிராமுக்கு 600 ரூபாய்தான் மிச்சம். சேதாரத்தில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் 3,000 ரூபாய் மிச்சம். ஜி.எஸ்.டி. இரு மாநிலங்களிலும் மொத்தம் 3 சதவீதமே. கர்நாடகத்தில் வாங்கினால் பாதி கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டில் வாங்கினால் பாதி தமிழ்நாட்டுக்கும் போகும், மறுபாதி மத்திய அரசுக்குப் போகும். டிசைனுக்காகவும் உறவினர் கூட வருவார்கள் என்பதற்காகவும் சென்னைக்குப் போவது வேறு விஷயம். பலகை விலைக்காகப் போவதற்குப் பெரும்பாலும் பயணச் செலவுகூடத் தேறாது.

பலகையைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது காரட்தான். வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்யப்படுகின்றன. 22 காரட் 10,000 ரூபாயாக இருக்கும் நாளில் 18 காரட்டின் தங்க மதிப்பு ஏறத்தாழ 8,190 ரூபாய்தான். பில்லில் 18 காரட் நகைக்கு 22 காரட் விலை போடப்பட்டிருந்தால் கிராமுக்கு ஏறத்தாழ 1,800 ரூபாய் வீணாகப் போகும். நகையில் பொறித்த தூய்மை எண் 916 ஆகவோ 750 ஆகவோ இருக்கும். பில்லில் எழுதிய காரட்டும், விலை போட்ட காரட்டும் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எடை: எந்த எடையின்மீது கணக்கு

கற்களைத் தங்கத்தின் விலைக்கு விற்பது பழைய தந்திரம். இன்று பெரிய கடைகளில் அது அவ்வளவு வெளிப்படையாக நடப்பதில்லை. நம் நெக்லஸில் 2.400 கிராம் கல்லைத் தங்கமாக எடை போட்டால் 24,000 ரூபாய் கூடுதலாகும், அதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்று நடப்பது இதைவிட நுட்பமானது. தங்கத்தின் விலையை நிகர எடைக்குச் சரியாகப் போட்டுவிட்டு, சேதாரத்தின் சதவீதத்தை மட்டும் மொத்த எடையின்மீது கணக்கிடுவார்கள். 30 கிராமுக்கு 14 சதவீதம் 4.200 கிராம், 32.400 கிராமுக்கு அதே 14 சதவீதம் 4.536 கிராம். இடையே உள்ள 0.336 கிராமின் விலை 3,360 ரூபாய், வரியுடன் ஏறத்தாழ 3,461 ரூபாய். பில்லில் 'சேதாரம் 14 சதவீதம்' என்றே இருக்கும், பேசியதும் 14 சதவீதமே. எந்த எடையில் 14 சதவீதம் என்பதைத்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கல்லின் விலைக்கு வேறோர் அளவு. அது 0.2 கிராம் கொண்ட காரட் கணக்கில் சொல்லப்படும். 2.400 கிராம் என்பது 12 காரட். காரட்டுக்கு 500 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். கெம்பு, சிவப்புக் கல், பச்சைக் கல் என்று எழுதியிருந்தாலும் அவற்றில் பல செயற்கைக் கற்களே. திருப்பி விற்கும்போது இந்த 6,000 ரூபாய்க்குப் பெரும்பாலான கடைகள் எதுவும் தருவதில்லை. ஆகவே கல்லின் விலையைக் கொஞ்சம் அடித்துப் பேசுவதில் தவறில்லை. ஆன்டிக் வகை நகைகளில் உள்ளே நிரப்பிய அரக்கின் எடையும் இருக்கும், அதையும் கழித்த பிறகு வருவதே நிகர எடை.

இந்திய தர நிர்ணய அமைப்பின் விதிப்படி, ஹால்மார்க் நகையின் பில்லில் நகையின் விவரம், விலையுயர்ந்த உலோகத்தின் நிகர எடை, காரட்டும் தூய்மை எண்ணும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். நிகர எடை இல்லாத பில்லை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

சேதாரம் என்பது உண்மையில் எவ்வளவு சேதம்

பட்டறையில் தங்கத்தை உருக்கும்போது, கம்பியாக இழுக்கும்போது, அராவும்போது, பற்றவைக்கும்போது, மெருகேற்றும்போது சிறு அளவு தங்கம் தூசாகவும் துகளாகவும் பிரிகிறது. கையால் செய்யும் நகாசு வேலையில், மெல்லிய தகட்டைத் தட்டி உருவம் எழுப்பும்போது, இந்த இழப்பு கூடுதலாக இருக்கும். நாம் தங்கத்தைக் கொடுத்து, ஆசாரி நகையாகத் திருப்பித் தந்த காலத்தில், குறைந்த எடைக்குக் கணக்குச் சொல்வதற்குச் சேதாரம் என்ற ஏற்பாடு அவசியமாக இருந்தது. அப்போதும் அந்தத் தூசு முழுவதும் காற்றில் போய்விடவில்லை. பட்டறையின் தரையைக் கூட்டிய மண்ணும், கை கழுவிய நீரும், மெருகுச் சக்கரத்தின் தூசியும் சேகரிக்கப்பட்டு, அவற்றிலிருந்து தங்கம் திரும்ப எடுக்கப்படுகிறது. நகரத்பேட்டையின் சந்துகளில் பட்டறை வைத்திருப்பவர்கள் அந்தக் குப்பையையும் விலைக்கே விற்கிறார்கள்.

இயந்திரத்தில் பின்னிய சங்கிலியிலும் அச்சில் வார்த்த மோதிரத்திலும் பட்டறையின் உண்மையான இழப்பு மிகக் குறைவு. கோவை போன்ற உற்பத்தி மையங்களிலிருந்து வரும் சங்கிலிக்குக் கடைக்காரர் தருகிற கூலியும் பில்லில் நாம் தருகிற சேதாரமும் ஒன்றல்ல. நாம் தருவதற்குள் பட்டறைக் கூலி, கடையின் வாடகை, விற்பனையாளர் சம்பளம், விளம்பரம், லாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அப்படி எடுப்பதில் தவறொன்றும் இல்லை, கடை நடத்துபவருக்கு லாபம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பலகை விலையில் போட்டி கடுமையாக இருப்பதால் லாபம் முழுவதும் இந்தச் சேதாரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். பெங்களூரில் கிளை வைத்திருக்கும் பல சங்கிலித் தொடர் கடைகள் இப்போது சேதாரம் என்றும் செய்கூலி என்றும் பிரிக்காமல், மதிப்புக் கூட்டல் என்ற பொருளில் 'வி.ஏ.' என்று ஒரே சதவீதமாகச் சீட்டில் எழுதிவிடுகின்றன. சிறிய கடைகளில் கன்னடத்திலும் தமிழிலும் ஒருசேர 'வேஸ்டேஜ், மேக்கிங்' என்றே பேச்சு நடக்கும்.

பேரம் பேச இடமிருப்பதும் இதே காரணத்தால்தான். பலகை விலையில் விற்பனையாளரால் ஒரு ரூபாயும் குறைக்க முடியாது. சேதாரத்தில் அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் ஒரு எல்லைவரை குறைக்க அதிகாரம் இருக்கும். எளிய சங்கிலியில் அந்த இடம் குறைவு, நகாசு வேலை உள்ள நகையிலும் ஆன்டிக் நகையிலும் இடம் அதிகம்.

சதவீதத்தின் வேலை

சேதாரத்தை எடையின் சதவீதமாகக் கணக்கிட்டு, அந்த எடைக்கு அன்றைய தங்க விலையைப் போடுகிறார்கள். இதன் விளைவு பலர் கவனிக்காதது. கிராம் 5,000 ரூபாயாக இருந்த நாளில் இதே நெக்லஸுக்கு 14 சதவீதச் சேதாரம் 21,000 ரூபாய். கிராம் 10,000 ரூபாயான நாளில் அதே 14 சதவீதம் 42,000 ரூபாய். நெக்லஸ் செய்ய ஆன நேரம் இரட்டிக்கவில்லை, ஆசாரியின் கூலியும் இரட்டிக்கவில்லை, விற்பனையாளரின் சம்பளமும் இரட்டிக்கவில்லை. தங்கம் ஏறியதால் மட்டும் வேலைக்கான தொகை இரட்டித்துவிட்டது. தங்க விலை ஏறும் ஆண்டுகளில் 'எங்கள் சேதாரம் மாறவில்லை' என்று ஒரு கடை விளம்பரம் செய்தால், அது சொல்வது சதவீதத்தைப் பற்றி மட்டுமே.

கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று செய்கூலியை நிர்ணயிக்கும் கடைகளில் இந்தப் பெருக்கம் நடப்பதில்லை. ஆகவே இரு கடைகளை ஒப்பிடும்போது இரண்டையும் ரூபாயாக மாற்றிக்கொள்வதே சரியான வழி. அந்தக் குடும்பம் ஒரே மாதிரியான நெக்லஸை இரண்டு கடைகளில் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் 'செய்கூலி இல்லை' என்று பலகை தொங்குகிறது, சேதாரம் 14 சதவீதம். இரண்டாம் கடையில் சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 450 ரூபாய். முதல் கடையில் சேதாரம் 42,000 ரூபாய். இரண்டாம் கடையில் சேதாரம் 24,000 ரூபாயும் செய்கூலி 13,500 ரூபாயுமாக 37,500 ரூபாய். செய்கூலி வாங்கும் கடையே இங்கு 4,500 ரூபாய் மலிவு. 'செய்கூலி இல்லை' என்பதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் வாங்குபவருக்குத் தேவையான தகவலும் அதில் இல்லை.

இரண்டாம் கடையிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கிராமுக்கு 450 ரூபாய் என்பது 30 கிராமுக்கா, அல்லது சேதாரத்தையும் சேர்த்த 32.400 கிராமுக்கா? பின்னதென்றால் செய்கூலி 14,580 ரூபாய் ஆகிவிடும். இல்லாத தங்கத்தைச் செய்ததற்கும் கூலி கொடுத்தது போலாகும்.

தள்ளுபடி விளம்பரங்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 'சேதாரத்தில் 20 சதவீதம் தள்ளுபடி' என்றால் 14 சதவீதச் சேதாரம் 11.2 சதவீதமாகும், அதாவது 8,400 ரூபாய் குறையும். ஆனால் தள்ளுபடிக் காலத்தில் சீட்டில் எழுதிய சதவீதமே 17 ஆக இருந்தால், 20 சதவீதம் போக 13.6 சதவீதம் வரும், கிடைத்த ஆதாயம் வெறும் 1,200 ரூபாய்தான். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, தள்ளுபடி போக மிஞ்சும் சேதாரம் எத்தனை ரூபாய் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. பதினொரு மாதம் பணம் கட்டும் நகைச் சீட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் 'சேதாரம் இல்லை' என்ற சலுகைக்குப் பெரும்பாலும் ஒரு சதவீத உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் சேதாரம் உள்ள நகையைத் தேர்ந்தெடுத்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். வரியும் தனியாக வரும்.

மூன்று சதவீதமா, ஐந்து சதவீதமா

2017 ஜூலை 1 முதல் நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். 'தங்கத்துக்கு 3 சதவீதம், செய்கூலிக்கு 5 சதவீதம்' என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. கடையில் இருக்கும் ஆயத்த நகையை வாங்கும்போது அது பொருந்தாது. அங்கே விற்கப்படுவது நகை என்ற ஒரே பொருள்தான், செய்கூலியும் சேதாரமும் அந்தப் பொருளின் விலையில் ஒரு பகுதி. எனவே தங்கம், சேதாரம், செய்கூலி, கல் எல்லாம் சேர்ந்த தொகைக்கும் ஒரே 3 சதவீதம்தான். வாடிக்கையாளர் தம் தங்கத்தைக் கொடுத்து அதை நகையாகச் செய்து தரச் சொல்லும்போதுதான் 5 சதவீதம் வருகிறது, அப்போது வரி கூலிக்கு மட்டுமே. நம் முதல் கடையின் 42,000 ரூபாய்ச் சேதாரத்துக்கு 3 சதவீதம் 1,260 ரூபாய், 5 சதவீதம் என்றால் 2,100 ரூபாய். ஆயத்த நகையின் பில்லில் 5 சதவீதம் என்று ஒரு வரி தென்பட்டால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும்.

தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட்டிருந்தால், வரி தள்ளுபடி போன தொகைக்குத்தான். 100 ரூபாய் சேதாரம் குறைந்தால் பில்லில் 103 ரூபாய் குறைகிறது.

முதல் கடையின் கணக்கை இப்போது முடித்துவிடலாம். தங்கம் 3,00,000, சேதாரம் 42,000, கல் 6,000, ஆக 3,48,000 ரூபாய். அதற்கு 3 சதவீதம் 10,440 ரூபாய், பில்லில் 5,220 ரூபாயாக இருமுறை மத்திய, மாநிலப் பங்குகளாக அச்சாகும். ஹால்மார்க் கட்டணம் எடையைப் பொறுத்தது அல்ல, ஒரு நகைக்கு 45 ரூபாய், அந்தச் சேவைக்கு 18 சதவீத வரி, மொத்தம் 53 ரூபாய் 10 காசு. கூட்டினால் 3,58,493 ரூபாய் 10 காசு. இரண்டாம் கடையில் இதே வழியில் 3,53,858 ரூபாய் 10 காசு வரும். கல்லையும் அதற்கான வரியையும் ஹால்மார்க் கட்டணத்தையும் ஒதுக்கிவிட்டு 30 கிராமால் வகுத்தால், முதல் கடையில் நெக்லஸின் ஒரு கிராம் 11,742 ரூபாய், இரண்டாம் கடையில் 11,587 ரூபாய் 50 காசு. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய எண் இதுதான். இதைக் கேட்டால் சில விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள், கைப்பேசியின் கணிப்பானில் நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹால்மார்க் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். அது 53 ரூபாய்தான். 'ஹால்மார்க் நகை என்பதால் விலை கூடுதல்' என்று ஆயிரக்கணக்கில் பேசினால் அது ஏற்கத்தக்கதல்ல. இரண்டு கிராமுக்கு மேற்பட்ட நகையில் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் தூய்மை எண்ணும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளமும் இருக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாத தங்க நகையை விற்கக் கூடாது. அந்த அடையாளத்தைத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், எந்தக் கடைக்காரர் பதிவு செய்தார், எந்த மையம் சோதித்தது, என்ன வகை நகை, என்ன தூய்மை என்பவை தெரியும். கையில் இருப்பது நெக்லஸ், செயலி காட்டுவது வளையல் என்றால் அந்த முத்திரையை நம்ப முடியாது.

இந்தத் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் பான் எண் கொடுக்க வேண்டியிருக்கும். அதே அளவுத் தொகையை ரொக்கமாக வாங்கவும் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை.

பழைய நகையைக் கொடுத்தால்

இந்தக் குடும்பத்திடம் பாட்டி காலத்துச் சங்கிலி ஒன்று, இரண்டு பவுன், 16 கிராம் இருக்கிறது. ஹால்மார்க் இல்லாத காலத்து நகை. கடையின் காரட் மீட்டர் அதன் தூய்மையை 88 சதவீதம் என்று காட்டுகிறது. பழைய நகைகளில் பற்றவைத்த இடங்களில் தூய்மை குறைவாக இருக்கும், எனவே இந்த எண் வியப்பளிப்பதல்ல. ஆனால் இயந்திரம் மேற்பரப்பையே படிக்கிறது, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். உருக்கிக் கட்டியாக்கிய பிறகு பார்த்தால் நம்பகமான எண் கிடைக்கும், ஆனால் உருக்கியபின் 'வேண்டாம்' என்று சொல்லிச் சங்கிலியைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் உருக்குவதற்கு முன்பே இன்னொரு கடையில் காட்டிப் பார்ப்பது நல்லது. 88 சதவீதத் தூய்மையுள்ள 16 கிராம், 22 காரட் கணக்கில் 15.371 கிராமுக்குச் சமம். பலகை விலையில் ஏறத்தாழ 1,53,700 ரூபாய். கழிவு என்று இதிலும் ஒரு சதவீதம் பிடிக்கிறார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தூய்மைக் குறைவை ஒருமுறை கழித்த பிறகு மறுபடியும் கழிவு பிடிப்பது, கடையின் லாபத்துக்கு இன்னொரு பெயர்தான்.

பலருக்கு ஏமாற்றம் தருவது வரிக் கணக்கு. பழைய சங்கிலியின் மதிப்பைக் கழித்த மிச்சத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வரி புதிய நெக்லஸின் முழு 3,48,000 ரூபாய்க்கும் உண்டு, அதே 10,440 ரூபாய். வரியைச் சேர்த்த 3,58,493 ரூபாயிலிருந்துதான் சங்கிலியின் மதிப்பு கழியும். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு வியாபாரங்கள்: கடை நெக்லஸை விற்றது ஒன்று, நாம் சங்கிலியை விற்றது இன்னொன்று. தனிநபர் தம் பழைய நகையைக் கடைக்கு விற்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கையில் 30 கிராமுக்குப் போதுமான பழைய தங்கம் இருந்தால் வேறொரு வழியும் உண்டு. நகரத்பேட்டையின் பட்டறையில் தங்கத்தைக் கொடுத்து, கூலியை 36,000 ரூபாய் என்று பணமாகவே பேசிச் செய்யச் சொன்னால், பட்டறைக்காரர் வரிக்குப் பதிவு செய்தவராக இருக்கும்பட்சத்தில் 5 சதவீதம் 1,800 ரூபாய்தான் வரி. தங்கத்தின் மதிப்புக்கு வரி இல்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் உள்ள சிறு பட்டறைக்காரர் பதிவு செய்ய வேண்டியதே இல்லை, அப்போது அந்த 1,800 ரூபாயும் இல்லை. விலை குறைவதற்கு ஈடாக இங்கே இழப்பது முத்திரை. பதிவு பெற்ற நகை வணிகர் மூலம் போனால்தான் ஹால்மார்க் கிடைக்கும், தெரிந்த ஆசாரியிடம் செய்த நகைக்கு அவருடைய சொல் ஒன்றே சான்று. நாம் கொடுத்த தங்கமே நகையாகத் திரும்பியதா என்பதையும் எடையை வைத்துச் சொல்ல முடியாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையோடு தூய்மையையும் சோதித்து எழுதி வாங்கினால் மட்டுமே இந்த வழியில் இறங்கலாம் என்பது என் கருத்து.

கடையில் வாங்கிய நெக்லஸை அடுத்த நாளே, விலை மாறாத நிலையில், கழிவு 2 சதவீதம் பிடிக்கும் கடையில் விற்றால் 2,94,000 ரூபாய் கிடைக்கும். கொடுத்தது 3,58,493. போன 64,493 ரூபாயில் சேதாரம் 42,000, வரி 10,440, கல் 6,000, விற்கும்போது பிடித்த கழிவு 6,000, மிச்சம் 53 ரூபாய் ஹால்மார்க். கல்லை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் தங்கம் ஏறத்தாழ 20 சதவீதம் ஏறி, கிராம் 12,000 ரூபாயை ஒட்டி வந்த பிறகே கொடுத்த பணம் திரும்பும். அணிவதற்காக வாங்குபவருக்கு இது அணியும் செலவு. சேமிப்பு என்று நினைத்து நகை வாங்குபவர் சேதாரம் மிகக் குறைந்த நாணயத்தின் விலையையும் அதே கவுன்ட்டரில் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் 3 சதவீத வரி உண்டு, ஆனால் 42,000 ரூபாய்ச் சேதாரம் போன்ற செலவு அங்கே இருக்காது.